ஒரே முறை கேட்டுவிட்ட நேரம்

சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்துக்குச் சாப்பாட்டு நேரத்தில் தானாக அடிக்கும் மணி செய்து கொடுத்திருந்தேன். அதிலுள்ள சின்ன சர்க்யூட் போர்டு, மின்சாரம் வந்ததும் இணையத்தில் உலக நேரத்தைக் கேட்டு, நமக்கான ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளும்.

ஒரு நாள் மின்சாரம் போய், பன்னிரண்டு மணிக்குத்தான் திரும்பியது. ஒரு மணிக்கு மணி அடிக்கவில்லை. பசியோடு காத்திருந்த, சர்க்கரை நோயுள்ள அக்கா ஒருவர் தறியடியிலேயே சர்க்கரை குறைந்து மயங்கிவிட்டார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். இணைய இணைப்புத் தரும் ரூட்டர் தயாராகும் முன்பே போர்டு நேரம் தரும் சர்வரைத் தேடியிருக்கிறது. முகவரி கிடைக்கவில்லை. நான் ஒரு முறை மட்டும் தேடச் சொல்லியிருந்ததால், நள்ளிரவு பூஜ்ய மணியிலிருந்து எண்ணி, ஐந்தரையையும் கூட்டிக்கொண்டது. நமக்கு ஒரு மணி ஆனபோது அதற்குக் காலை ஆறரை.

"மணி அடிக்கட்டும்னுதான் நின்னேன் தம்பி" என்றார் அக்கா, சர்க்கரைத் தண்ணீரைக் குடித்தபடி.

"தப்பு என்னுதுதான்க்கா. இனி நேரம் கெடைக்கிற வரைக்கும் விடாம கேக்க வைக்குதேன். அதுவரைக்கும் செவப்பு லைட்டு எரியும்."

"எரிஞ்சா போன்ல மணி பாத்துக்கிடுதோம். நீ சாப்பிட்டியாய்யா?"

அன்று மாலையே புரோகிராமைத் திருத்தி, மெயின் சுவிட்சை அணைத்து, மறுபடி போட்டேன். சிவப்பு விளக்கு இரண்டு நிமிடம் எரிந்து அணைந்தது. நேரம் சரியாக இருந்தது.