திட்டுகிற குரல்

சங்கராபுரம் சாலையில் நடந்த விபத்தில் என் தம்பி இறந்தான். அவன் போனும் நசுங்கிப்போனது. அவன் குரல் மிச்சமிருந்தது தம்பி மனைவியின் இன்ஸ்டாகிராமில் மட்டும்தான். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவன் பாடிய தாலாட்டு அது. போனில் இடமில்லையென்று கேலரியில் இருந்ததை அவள் முன்பே அழித்திருந்தாள். மேலே ஏற்றியாயிற்றே, எங்கே போய்விடப்போகிறது என்ற நினைப்பு.

அடக்கத்தன்று தோழியின் கணக்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. "உனக்கு ஒரு கோடு நம்பர் வரும், அனுப்பு." அழுதுகொண்டே அனுப்பினாள். தோழியின் கணக்கையே எவனோ பிடித்து வைத்திருந்தான், அந்த நம்பரை வைத்து இவள் கணக்கையும் பிடித்துக்கொண்டான் என்பது பிறகுதான் தெரிந்தது. சாவு வீடு என்றுகூடப் பார்க்காத பாவி!

முப்பதாம் நாள் பூசை முடியும்வரை துக்கக்காரி போனைத் தொடக்கூடாது என்று பெரியம்மா அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். எங்கள் மாதா கோயிலில் எந்தச் சாமியாரும் சொல்லாத சட்டம். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

பூசைக்கு மறுநாள் தம்பி மனைவி கள்ளக்குறிச்சியில் உள்ள என் வீட்டுக்கு வந்து போனைத் திறந்தாள். பக்கம் முழுக்கப் பணத்தை இரட்டிப்பாக்கும் விளம்பரம். அவள் போட்டிருந்த படம் ஒன்றுகூட இல்லை.

ஈமெயிலை மாற்றிவிட்டதாக அவளுடைய பழைய முகவரிக்கு வந்திருந்த அறிவிப்பைத் தேடி எடுத்தேன். நீங்கள் மாற்றவில்லையென்றால் இங்கே அழுத்துங்கள் என்றிருந்த இணைப்பு நல்லவேளையாக வேலை செய்தது. முதலில் பாஸ்வேர்டை மாற்றினோம். பிறகு 'சமீபத்தில் நீக்கியவை'க்குள் போனோம். ஒவ்வொரு படத்தின் மேலும் இன்னும் எத்தனை நாள் இருக்கும் என்று போட்டிருந்தது.

"தாலாட்டு இருக்குதாங்க அண்ணி?" என்று நாத்தனாரான என்னைக் கேட்டாள்.

இருந்தவை ஒரு கோலம், ஒரு பிறந்தநாள் கேக், இரண்டு புடவை. கடைசியாக அழித்தவை. முதல் நாளே அழித்ததெல்லாம் முப்பது நாள் கெடு தாண்டிப் போயிருந்தது. பூசைக்கு முந்தின நாள் திறந்திருந்தாலும் கிடைத்திருக்கும். கோலத்தையும் கேக்கையும் மீட்டுக் கொடுத்தபோது எனக்குப் பெரியம்மாவைப் போய் உலுக்க வேண்டும்போல இருந்தது.

"ஆர்கைவ்ல எதனா வெச்சிக்கினு இருந்தியா?" என்று கேட்டேன். பக்கத்தில் தெரியாமல் மறைத்து வைப்பவை அங்கே கிடக்கும். அதற்குக் கெடு கிடையாது. அந்தப் பாவியும் உள்ளே போய்ப் பார்த்திருக்கவில்லை.

அதில் ஒரே ஒரு வீடியோ இருந்தது. கல்வராயன் மலைக்குப் போனபோது எடுத்தது. வெள்ளிமலை பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு, "இன்னாடி எப்பப் பாத்தாலும் போனத் தூக்கிக்கினு! வை அத! புத்தி இருக்குதா ஒனக்கு?" என்று கத்துகிறான் தம்பி. ஏற்றிய அன்றே வெட்கப்பட்டு மறைத்துவிட்டாளாம்.

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். நான் போனை வாங்கப் போனேன், கொடுக்கவில்லை.

"பாப்பா பெரிசானா இதத்தாங்க அண்ணி போட்டுக் காட்டணும். அவங்கப்பாவுக்கு வேற கொரலே இல்ல."