உப்பளத்துப் பாட்டு

என் வீட்டுக்காரர் நல்லசிவத்துக்குப் பாட்டு ஆசை கிடையாது. பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலை. அசோக் நகர் வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, தூக்கம். ரேடியோவைத் திருகினால்கூட "அதை அணைட்டி" என்பார். அப்படிப்பட்ட மனுஷன் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, எழுபத்துநாலில், ஒரு சினிமாப் பாட்டைத் தேடி அலைகிறார் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

எனக்கு அது தெரிந்ததே ரிக்கார்டுக்கடை ஷரீஃப் பாயால்தான். அதே பஜாரில் இசைத்தட்டு விற்பார், கல்யாண வீடுகளுக்கு மைக் செட்டும் வாடகைக்கு விடுவார். காய் வாங்கிக்கொண்டு போன என்னைக் கூப்பிட்டு, "இன்னாம்மா, உங்க வூட்டுக்காரர் கேட்ட பாட்டு இன்னும் சிக்கல. கோச்சுக்கப் போறாரு" என்றார்.

"எந்தப் பாட்டு?"

"நடிகர் சந்திரபூபன் என்ட்ரி சீன்ல பாடுற பாட்டாம். உப்பளம், உப்பு லாரி மேல நின்னுக்கினு வர்றாரு. அவ்ளோதான் சொல்றாரு. படம் பேர் தெரியாது, ஒரு வரி தெரியாது. ரிக்கார்டு மேல படம் பேரு, பாடுனவங்க பேரு, மியூசிக் போட்டவர் பேருதான் கீது. லாரியும் உப்பும் எழுதியா வெச்சிருக்கான்?"

அப்படி ஒரு படத்துக்கு என்னை அழைத்துப் போனதே இல்லை. அப்படியானால் யாரோடு போனார்? பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பாட்டு எங்கே காதில் விழும்! எவளோ கேட்டிருக்கிறாள், வாங்கிக் கொடுக்கப் போகிறார் என்று என் மனசு கதை கட்டிவிட்டது.

வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. சட்டைப் பையைத் துழாவினேன், முகர்ந்தும் பார்த்தேன். வெற்றிலை வாசனைதான் வந்தது. பாயிடம் மட்டும், "கிடைச்சா முதல்ல எனக்குச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்தேன்.

பாய் சும்மா இருக்கவில்லை. சந்திரபூபனுக்கு எப்போதும் ஒரே பாடகர்தான் பின்னணி. அந்தக் குரலில் இருந்த தட்டெல்லாம் போட்டுப் பார்த்தார். எதிலும் உப்பளப் பாட்டு இல்லை. கடைசியில் தியேட்டர் வாசலில் விற்பார்களே, பாட்டுப் புத்தகம், அந்தக் கட்டை அவிழ்த்தார். அதில் பாட்டோடு கதைச்சுருக்கமும் இருக்கும். சந்திரபூபன் நடித்த படங்களின் கதையை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனவர், உப்பளத்தில் தொடங்குகிற கதையில் நின்றார்.

"அட, நம்மளே ஏமாந்தோம்மா! என்ட்ரியில ஹீரோ பாடவே இல்ல. லாரி ஓட்டுற கிழவன் பாட்டு அது. ஹீரோ லாரி மேல சும்மா சிரிச்சுக்கினு நிக்கிறாரு. பாடுனவரு வேற ஆளு. உங்காளு ஹீரோதான் பாடுனாருன்னு சத்தியம் பண்ணாரே!"

"அந்தப் படம் எப்ப வந்துச்சு?"

"அறுபத்தெட்டு, பொங்கல் தாண்டி. ஒரு வாரம்கூட ஓடல."

அந்தத் தை மாசம் நான் பாளையங்கோட்டையில் அம்மா வீட்டில் தலைப்பிரசவத்துக்கு இருந்தேன். நான் அங்கே வலியில் கிடக்க, இவர் இங்கே எவளோடோ சினிமா பார்த்திருக்கிறார்!

அன்று சாயங்காலம் அவர் பாட்டை விசாரிக்க ரிக்கார்டுக்கடைக்குள் நுழைகிற வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பாய் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்கவில்லை.

"உப்பளப் படத்துக்கு யாரோட போனீக? நான் பிள்ளை பெத்துக் கிடக்கையில யாரோட போனீக?"

அவர் முகம் வெளிறிப்போனது.

"தனியாத்தாம்ட்டி போனேன். பிள்ளை தங்கலைன்னு காலையில தந்தி வந்துச்சுல்லா, அன்னைக்கு. ஊருக்கு ரயிலு சாயங்காலம்தான். கடையில எல்லார் முன்னாலயும் அழ முடியுமா? கொட்டகைன்னா இருட்டா இருக்கும்னு போய் உக்காந்தேன். லாரி மேல அவன் வந்தான். எல்லாரும் விசிலடிச்சான். எனக்கு ஒரு சத்தமும் கேக்கல. பாட்டு முடியவும் எந்திச்சு வந்துட்டேன்."

அழுது கலங்கிய கண்ணுக்கு யார் வாய் அசைந்தது என்று எங்கே தெரியப் போகிறது! நான் பாவி, என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்.

"இப்ப எதுக்கு அந்தப் பாட்டு?" என்றேன்.

"அன்னைக்கு எல்லாரும் கேட்டான், நான் மட்டும் கேக்கல. என்னதான் பாடுனான்னு தெரியணும்போல இருந்துச்சு. உன்கிட்ட சொன்னா நீ அழுவ."

பாய் அலமாரி அடியில் கிடந்த அந்தப் படத்து இசைத்தட்டை எடுத்துத் துடைத்து, முள்ளை வைத்தார். மழை வந்தால் உப்பு கரையும், மாமியார் வந்தால் வீடு கரையும் என்று ஏதோ கேலிப் பாட்டு. குத்தாட்டத்துக்கு ஏற்ற மேளம்.

அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இம்புட்டுத்தானா?" என்றார்.

பஜாரே பார்த்துக்கொண்டிருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை போடுங்க பாய்" என்றேன். இந்தத் தடவை ரெண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.