ஐந்து புள்ளி மூன்று

வேறொருவர் மொழிபெயர்த்து முடித்த இயந்திரக் கையேட்டை, அச்சுக்குப் போகும் முன் கடைசியாகப் பார்த்து அனுப்புவது என் வேலை. கதைப்புத்தகம் மாதிரி சாய்ந்து உட்கார்ந்து படிக்கிற வேலை என்று என் சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 1,440 என்று இருப்பது தமிழிலும் 1,440 என்றே இருக்கிறதா என்று வரிக்கு வரி பார்க்கிறவளுக்குச் சாய என்ன நேரம்? ஜவ்வாது மலையில், காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே கரண்ட் போகிற ஊரில் இருந்துகொண்டு, சென்னையில் உள்ள ஒரு நிறுவனத்துக்காக இதைச் செய்கிறேன்.

என்னிடம் ஒரு பட்டியல் உண்டு. நான்கே வரி: எண், அலகு, சொல், சுட்டு. சுட்டு என்றால், ‘இதற்கு இன்ன பிரிவைப் பார்க்கவும்’ என்று புத்தகம் தன்னுடைய இன்னொரு பக்கத்தைக் கைகாட்டுகிற இடம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கட்டம், கடைசியில் என் கையெழுத்து. அந்தக் கையெழுத்து இல்லாமல் கோப்பு அச்சகத்துக்குப் போகக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. அந்தச் சின்ன அதிகாரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதை மறைக்க மாட்டேன்.

அன்றைக்கு வந்த கையேடு எங்கள் ஊருக்கே உரியது. சாமையில் உமி நீக்கும் புது இயந்திரம். மகளிர் குழு நடத்தும் அரவைக் கொட்டகையில், என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், இரண்டு நாள் முன்புதான் அதை இறக்கிப் பொருத்தியிருந்தார்கள். மறுநாள் காலை, அதிகாரிகள் முன்னிலையில் முதல் ஓட்டம். திருப்பத்தூரில் ஒரு அச்சகம் சாயங்காலம் கையேட்டை அச்சடித்து, காலை வண்டியில் மேலே அனுப்பிவிடும். நான் நாலு மணிக்குள் கோப்பைத் தர வேண்டும்.

காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எண்களைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் பார்ப்பது என் பழக்கம். முன்னிருந்து படித்தால் வாக்கியம் இழுத்துக்கொண்டு போய்விடும், எண் கண்ணில் படாது. எண்கள் சரியாக இருந்தன. அலகில் ஒன்று மாட்டியது. பெல்ட்டை விரலால் அழுத்தினால் 10 மி.மீ. தொய்ய வேண்டும் என்பது ஆங்கில மூலம். தமிழில் 10 செ.மீ. ஆகியிருந்தது. பிழை பார்க்கும் மென்பொருளுக்கு இரண்டு பக்கமும் பத்து இருந்தால் போதும், அது திருப்தியாகிவிடும். அத்தனை தொய்வோடு ஓட்டினால் பெல்ட் சக்கரத்தை விட்டுக் கழன்று ஓடியிருக்கும். மொழிபெயர்த்தவரை மனதுக்குள் நாலு திட்டு திட்டிவிட்டுத் திருத்தினேன்.

அடுத்து சுட்டுகள். மூலத்தில் ‘பிரிவு 6.1’ என்றால் தமிழிலும் 6.1. மூலத்தில் 5.3, தமிழிலும் 5.3. முப்பத்தொரு சுட்டுகள், முப்பத்தொன்றும் பொருந்தின. டிக் போட்டேன்.

சொல் வரி மட்டும் பாக்கி. தானியம் கொட்டுகிற மேல்தொட்டிக்கு ஒரு அத்தியாயத்தில் ‘ஊட்டுகலன்’ என்றும் இன்னொன்றில் ‘தானியத் தொட்டி’ என்றும் இருந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருந்தால், இரண்டு பொருள் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். எதை வைத்துக்கொள்வது என்று ஓட்டப்போகிறவளையே கேட்டுவிடலாம் என்று, அச்செடுத்த தமிழ், ஆங்கிலத் தாள்களைச் சுருட்டிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தேன்.

ஓட்டப்போகிறவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். பத்தாவது வரை படித்தவள். பழைய இயந்திரத்தை மூன்று வருஷமாக ஓட்டி, அதன் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவாள். புது இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாக்கா, பேப்பரும் கையுமா வந்துட்டீங்க?”

மேல்தொட்டியைக் காட்டி, இதை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன்.

“ஹாப்பரு. வேற இன்னா சொல்றது?”

ஊட்டுகலன் என்று சொல்லிப் பார்த்தேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “பாலூட்றதா, சோறூட்றதா?” என்றாள். சரி, தானியத் தொட்டி என்று முடிவு செய்தோம். நான் அப்படியே கிளம்பியிருப்பேன். அவள்தான் விடவில்லை.

“அக்கா, வந்தது வந்துட்டீங்க. நாளைக்கு ஆபீசருங்க முன்னாடி நான் முழிக்கக் கூடாது. நீங்க படிங்க, நான் செஞ்சி பாக்கறேன்.”

அந்தக் குழுவில் அதுதான் வழக்கம். எந்தப் புதுப் பொருள் வந்தாலும் ஒருத்தி காகிதத்தைப் படிப்பாள், இன்னொருத்தி கை வைப்பாள். காகிதம் என்ன சொல்கிறதோ அதுதான், ஒரு அடி முன்னேயும் இல்லை பின்னேயும் இல்லை. பழைய இயந்திரத்தை அவர்கள் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். நான் முதலில் பிளக்கைப் பிடுங்கிக் கீழே போடச் சொன்னேன். வெறும் ஒத்திகைதானே என்று அலுத்துக்கொண்டே பிடுங்கினாள்.

அவளுக்குப் பயமெல்லாம் அடைப்பைப் பற்றித்தான். ஈரச் சாமை உள்ளே சிக்கிக்கொள்ளும். ஆகவே கோளாறு அட்டவணையை எடுத்தேன்.

“தானியம் அடைத்துக்கொண்டால், தானியம் வருவதை நிறுத்தவும். மேல்மூடியைத் திறக்கவும். பிறகு பிரிவு 5.3இல் உள்ளபடி செய்யவும்.”

மூடியைத் திறந்தாள். பழைய இயந்திரத்தின் பழக்கத்தில் இடது கையை உள்ளே விட்டு, அடைத்திருக்கும் சாமையை வழிக்கிற மாதிரி விரல்களை, மோட்டார் சுற்றுகிற சுழலித் தட்டின் மேல் வைத்துக்கொண்டாள். நான் பக்கத்தைப் புரட்டி 5.3ஐப் படித்தேன்.

“மூடி திறந்த நிலையில், மோட்டாரை ஒரு கணம் மட்டும் இயக்கி உடனே நிறுத்தவும்.”

அவள் வலது கை நீண்டு பச்சை சுவிட்சை அழுத்தியது.

ஒன்றும் நடக்கவில்லை. பிளக் தரையில் கிடந்தது. அவள் நிமிர்ந்து, “அப்புறம்?” என்றாள். அந்த வாக்கியத்தை என் வாயால் நானே படித்திருக்கிறேன், அதற்கு நானே காலையில் டிக்கும் போட்டிருக்கிறேன்.

“கைய வெளிய எடு” என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

தரையில் உட்கார்ந்து தாள்களைப் பரப்பினோம். 5.3 என்பது இயந்திரத்தைப் பொருத்தியதும் மோட்டார் அம்புக்குறி காட்டும் பக்கமாகச் சுற்றுகிறதா என்று பார்க்கும் பகுதி. அதற்காகத்தான் ஒரு கணம் இயக்குவது. அடைப்பு நீக்கும் பகுதி அடுத்த அத்தியாயத்தில், 6.3இல் இருந்தது: மின்சாரத்தை நிறுத்தவும், பிளக்கைப் பிடுங்கவும், சுழலி முழுவதும் நிற்க மூன்று நிமிடம் காத்திருக்கவும், பிறகுதான் மூடி. அட்டவணை ஒரு அத்தியாயம் பின்தங்கிக் கைகாட்டிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தைப் பார்த்தேன். அதிலும் 5.3தான். இரண்டும் ஒன்றுபோலவே தப்பாக இருந்ததால் எல்லாம் பொருந்திப்போயிருந்தது. எண்ணை எண்ணோடு ஒப்பிட்டேனே தவிர, அது காட்டிய இடத்துக்கு நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

கொட்டகைக்கு மேலே சாலை வளைகிற இடத்தில்தான் டவர் கிடைக்கும். ஏறிப் போய் சென்னையில் உள்ள ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டேன். நல்ல பையன்தான், ஆனால் மணியைப் பார்த்தே பேசுவான்.

“மேடம், மூலத்துலயே அப்படித்தானே இருக்கு? நாம மொழிபெயர்ப்புதான் பண்றோம். மூலத்தத் திருத்தறது நம்ம வேலை இல்லையே.”

“திருத்தச் சொல்லல. தயாரிச்சவங்கள இப்பவே கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“நாலு மணிக்கு அச்சகம் காத்துக்கினு இருக்கும் மேடம். அடுத்த பதிப்புல பாத்துக்கலாமே.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “நாளைக்குக் காலைல இந்தப் பதிப்ப வெச்சிக்கினு ஒருத்தி கைய உள்ள விடப்போறா. அடுத்த பதிப்புல அவ கைய ஒட்ட வெப்பீங்களா?” என்றேன். “கேட்டுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டான்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. கொட்டகையிலேயே உட்கார்ந்து, காலையில் போட்ட டிக்கை அடித்துவிட்டு முப்பத்தொரு சுட்டுகளையும் மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை ஒவ்வொன்றும் காட்டுகிற பக்கத்தைப் புரட்டி, தலைப்பைச் சத்தமாகப் படித்தேன். அது அங்கே இருக்க வேண்டியதுதானா என்று அவள் சொன்னாள். “இது சரி... இதுவும் சரி... அக்கா, பெல்ட்டு மாத்தறதுக்கு இன்னாத்துக்கு எண்ணெய்க் கதைய சொல்லுது?” இன்னும் இரண்டு தப்பு சிக்கியது. மூன்றுமே அட்டவணைகளுக்குள் இருந்தவை.

மூன்றே முக்காலுக்கு நான் மறுபடி வளைவில் நின்றேன். தயாரிப்பாளரின் பொறியாளரே கூப்பிட்டார். புது அத்தியாயம் ஒன்றை முன்னால் சேர்த்ததில் எல்லா எண்களும் ஒன்று நகர்ந்துவிட்டதாம். பத்திகளில் இருந்த சுட்டுகள் கணினியில் தானாக மாறிக்கொண்டன, அட்டவணையில் இருந்தவை கையால் தட்டச்சு செய்தவை, அப்படியே தங்கிவிட்டன. மூன்று இடத்தையும் சொன்னேன். ஒவ்வொன்றையும் அவர் திருப்பிச் சொல்லி உறுதி செய்தார். “ஆங்கிலத்துலயும் மாத்தறோங்க” என்றார். அதை மெயிலிலும் எழுதி அனுப்பச் சொன்னேன். வாய்ப்பேச்சை நம்பி நான் மூலத்திலிருந்து விலக மாட்டேன்.

மெயில் வந்தது. வீட்டுக்கு வந்து கோப்பைத் திருத்தினேன், கையெழுத்துப் போட்டேன், அனுப்பினேன். ஐந்து மணி தாண்டிவிட்டது. ஒருங்கிணைப்பாளர் ‘கிடைத்தது’ என்று ஒரே வார்த்தை எழுதினான். அவன் என்மேல் கடுப்பில் இருந்தான், இருக்கட்டும். என் பட்டியலில் நாலாவது வரியை மட்டும் மாற்றி எழுதினேன்: சுட்டு காட்டும் இடத்துக்குப் போய்ப் படி.

மறுநாள் முதல் ஓட்டம். அதிகாரிகள், குழுப் பெண்கள், வேடிக்கை பார்க்க ஊரே திரண்டிருந்தது. மூன்றாவது மூட்டையில் அடைத்துக்கொண்டது. யாரோ, “தொறந்து தள்ளி வுடு, போய்டும்” என்றார்கள். அவள் காதிலேயே வாங்கவில்லை. புது மையின் வாசனை போகாத புத்தகத்தைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்து, “6.3 படி” என்றாள். சுவிட்சை நிறுத்தினாள். பிளக்கைப் பிடுங்கி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தோளில் போட்டுக்கொண்டாள். மூன்று நிமிடம். அதிகாரி ஒருவர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அசையவில்லை. பிறகு மூடியைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டு, ஈரச் சாமையை அள்ளி வெளியே போட்டாள்.

உமி ஒட்டிய கையை உதறும்போது, நான் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கவனித்துவிட்டாள்.

“இன்னாக்கா பாக்கறீங்க? வெரல எண்ணறீங்களா?”

“ஆமா” என்றேன். “எண்ணித்தான் பாத்தேன். அஞ்சும் இருக்கு.”