ஏலக்காய் கேக்குக்கு நான் எழுதிக் கொடுத்த அட்டை

தபாலட்டை அளவுள்ள ஒரு தடித்த தாளில், ஏலக்காய் கேக் செய்யும் முறையைக் கீழ்வீட்டுப் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்தேன். எழுதி முடித்ததும் அதைக் கைநீட்டித் தூரப் பிடித்து அழகு பார்த்தேன். கேக் எப்படி வரும் என்பதைவிட அந்த அட்டை எப்படித் தெரிகிறது என்பதே அப்போது எனக்கு முக்கியமாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நடந்ததற்கெல்லாம் வேர் அதுதான்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரத்தில், நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில். கீழ்வீட்டில் இருப்பவர் யாழ்ப்பாணத்துப் பெண், ஐம்பது தாண்டியவர், தனியாக இருக்கிறார். பல வருடங்கள் அலுவலகங்களைத் துப்புரவு செய்தவருக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை கிடைத்தது. பரீட்சார்த்தக் காலம் முடிந்து, வேலை நிரந்தரமானது. இங்கே அப்படி நிரந்தரமானவர்கள் ஒருநாள் கேக் கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுப்பது வழக்கம். அவருடைய பகுதியில் எல்லோரும் தாங்களே செய்துதான் கொண்டுவருவார்களாம்.

என் கேக் எங்கள் தமிழ்ச் சங்கத்துக் கூட்டங்களில் பேர்பெற்றது. ஆகவே படியில் என்னை மறித்துக் கேட்டார். வடையோ ரோல்ஸோ கொண்டுபோனால் போதாதா என்று கேட்டேன்.

“வடை எண்டால் ‘உங்கட நாட்டுச் சாப்பாடு’ எண்டு நுனியில கடிச்சுப் பாப்பினம் அண்ணை. கேக் எண்டால் ஒண்டும் கேக்காமல் சாப்பிடுவினம். நான் அவையின்ரை அப்பிள் கேக்கும் செரி கேக்கும் எத்தினை தரம் திண்டிட்டன். இனி நானும் அவையில ஒரு ஆள்.”

நானே செய்து தருகிறேன் என்றேன். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. தன் கையால் செய்ததாகச் சொல்ல வேண்டும், பொய் சொல்ல ஏலாது என்றார். தன் வீட்டு ஓவன் இதுவரை சட்டி பானை வைக்கும் அலுமாரியாகத்தான் இருந்தது என்றும், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எழுதித் தரும்படியும் கேட்டுக்கொண்டார்.

அப்படித்தான் தொடங்கினேன். பழைய கடித உறை ஒன்றின் பின்பக்கத்தில் முதலில் எல்லாவற்றையும் எழுதினேன். வெண்ணெயைக் காலையிலேயே குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைக்கவும். விரல் வைத்தால் பள்ளம் விழ வேண்டும். ஓவனின் குமிழை மேலே ஒரு கோடும் கீழே ஒரு கோடும் போட்ட அடையாளத்தில் வைக்கவும். பல்லுப் பல்லாக இருக்கும் கோட்டில் வைக்க வேண்டாம், அது மேற்பக்கத்தை மட்டும் வாட்டும். சூடேறி விளக்கு அணைந்த பிறகே கேக்கை உள்ளே வைக்கவும். ஈர்க்கு ஒன்றை நடுவில் குத்தி எடுத்தால் மா ஒட்டக் கூடாது.

நான் ஊரில் படிப்பித்தவன். இங்கே சங்க மலருக்கு மற்றவர்கள் எழுதுவதைச் சுருக்கித் திருத்திக் கொடுப்பவன். உறையில் இருந்ததை அட்டைக்கு மாற்றும்போது என் பழக்கம் குறுக்கே வந்தது. குமிழும் பல்லுக்கோடும் அட்டையில் அசிங்கமாகத் தெரிந்தன. விரல் வைத்துப் பார்க்கும் வரி பாலர் பாடம் போல இருந்தது. ஒவ்வொன்றாக வெட்டினேன். மிஞ்சியது இதுதான்:

“வெண்ணெய் 200 கிராம், சீனி 180 கிராம், முட்டை 4, கோதுமை மா 250 கிராம், பேக்கிங் பவுடர் அரைப் பைக்கற், பால் அரைக் கோப்பை, ஏலக்காய் 12 (தோல் நீக்கிப் பொடித்தது), உப்புச் சிட்டிகை. வெண்ணெயையும் சீனியையும் நுரைக்க அடித்து, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கவும். மாவையும் பாலையும் மாறி மாறிக் கலக்கவும். 180 பாகையில் ஐம்பது நிமிடம்.”

ஒரு பிழையும் இல்லை. ஏற்கெனவே கேக் செய்யத் தெரிந்த எவருக்கும் இது போதும். அவருக்குத் தெரியாது என்பதை அவரே என்னிடம் சொல்லியிருந்தார். அட்டையை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, அச்சடித்தது போல இருக்கிறது என்றார். நான் மகிழ்ந்தேன்.

ஞாயிறு பின்னேரம் என் வீட்டில் நண்பர்கள் மூவர் இருந்தார்கள். சீட்டில் முந்நூற்றிநாலு விளையாடிக்கொண்டிருந்தோம். மனைவி லண்டனில் மகளோடு நின்ற மாதம் அது. அவள் இருந்திருந்தால் வேறு விதமாக நடந்திருக்கும். மணி அடித்தது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே போய்க் கதவைப் பாதி திறந்தேன். கீழ்வீட்டுப் பெண் நின்றார். கையில் மா, நெற்றியில் வியர்வை.

“அண்ணை, ஒருக்கா வந்து பாருங்கோவன். மேல கறுத்துப்போச்சு. உள்ளுக்க கூழாக் கிடக்கு.”

“அட்டையில கிடக்கிற மாதிரித்தானே செய்தனீங்கள்?”

“ஓம். ஒரு சொல்லும் விடேல்லை. பட்டர் மட்டும் கட்டியாவே கிடந்தது, அடிச்சு அடிச்சுக் கை ஓஞ்சு போச்சு.”

எது நடந்திருக்கும் என்பது அந்த நொடியே எனக்குத் தெரியும். மேல் கருகி உள்ளே வேகாமல் இருந்தால் பல்லுக்கோட்டில் வைத்திருக்கிறார் என்றுதான் பொருள். நெருப்பு வேண்டுபவர் நெருப்புப் போல இருக்கும் அடையாளத்தைத்தானே தேடுவார். இறங்கிப்போய்க் குமிழைத் திருப்பிவிடக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. ஆனால் போனால், அட்டையில் அது இல்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். கையில் நல்ல சீட்டும் இருந்தது.

“அட்டையின்படி செய்தால் வரும் தங்கச்சி. இன்னும் கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கோ,” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

மேசைக்குத் திரும்பியதும் யார், என்ன என்று கேட்டார்கள். நான் சொன்னேன்: “ஊரில ஒடியல் கூழ் காய்ச்சின கைக்கு கேக் எங்கை வரப்போகுது.” மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவருடைய செருப்புச் சத்தம் அதற்குப் பிறகுதான் படியில் இறங்கியது. அவர் இன்னும் போகவில்லை என்பது, சொல்லும்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

அந்த வாரம் அவரைக் காணவில்லை. காணாதபடி நானும் நேரம் பார்த்துப் படியிறங்கினேன். சனிக்கிழமை குப்பை கொட்டும் இடத்தில் எதிர்ப்பட்டார். கேக் என்னவாயிற்று என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. நடந்ததை ஏதோ பகிடிக்கதை போலச் சொன்னார். திங்கட்கிழமை வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு, ஓவன் பழுது என்று சொல்லிவிட்டாராம். பொய் சொல்ல ஏலாது என்றவர். கூட வேலை செய்யும் ஜெர்மன் பெண் இரக்கப்பட்டு, இந்த மாதிரி வேலை தெரிந்த தன் கணவரை அந்தச் சனிக்கிழமை காலை அனுப்பியிருக்கிறார். அந்த மனிதர் கருவிப் பெட்டியோடு வந்து, ஓவனைக் கழற்றிப் பார்த்து, மறுபடி பூட்டி, கடைசியில் குமிழைப் பார்த்தாராம்.

“ஓவனில ஒரு பிழையும் இல்லையாம் அண்ணை. கிறில்லில விட்டிருக்கிறியள் எண்டு சொல்லிச் சிரிச்சார். நல்ல மனிசன். ஆனா வீட்டை போய் மனிசிக்குச் சொல்லியிருப்பார்தானே. திங்கக்கிழமை எந்த முகத்தோட போறது?”

நான் அப்போதும் சொல்லவில்லை. இந்த ஓவன்களில் அப்படித்தான், குழப்பம் வரும் என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு மேலே வந்தேன்.

மேசை இழுப்பறையில் அந்தக் கடித உறை கிடந்தது. பல்லுக்கோடு பற்றிய வரிக்கு மேலே நேர்கோடு போட்டு அடித்திருந்தேன். அடித்த கோடுகூட நேர்த்தியாக இருந்தது. உறையை எடுத்துக்கொண்டு கீழே போய் மணியடித்தேன். அவர் உள்ளே வரச் சொன்னார். நான் வாசலிலேயே நின்றேன்.

“தங்கச்சி, குமிழை எதில வைக்க வேணும், பட்டரை எப்ப எடுத்து வைக்க வேணும் எண்டு நான் முதல்ல எழுதினனான். பிறகு அட்டையில அதுகளை விட்டிட்டன்.”

அவர் உறையை வாங்கி, வெட்டிய வரிகளை விரல் வைத்து வாசித்தார்.

“ஏன் அண்ணை?”

“அட்டை வடிவா இருக்க வேணும் எண்டு.”

“நான் இந்தக் கிழமை முழுக்க என்ரை கைதான் பிழை எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சன்,” என்றார். பிறகு, “நீங்கள் சிரிச்சதும் கேட்டது,” என்றார்.

“தெரியும்,” என்றேன். மன்னிப்புக் கேட்டேன். அது சொல்லில் சிறியதாக இருந்தது. அவர் “பரவாயில்லை” என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் உடனே நம்பியிருப்பேன்.

நானே வந்து கூட நின்று செய்து காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். “எழுதித் தாங்கோ. இந்த முறை வடிவு பார்க்காதேங்கோ.”

அவருடைய குசினி மேசையில், அவர் தந்த கொப்பித் தாளில் எழுதினேன். ஓவனுக்கு முன்னால் குனிந்து, குமிழில் இருந்த அடையாளங்களை அப்படியே வரைந்தேன். மாவைக் கலந்த பிறகு அதிகம் அடித்தால் கேக் இறுகும் என்பதையும், அச்சுக்கு வெண்ணெய் பூசி மா தூவ வேண்டும் என்பதையும், முதல் அரைமணி நேரம் ஓவனைத் திறக்கக் கூடாது, திறந்தால் நடு இறங்கிவிடும் என்பதையும் எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் அவர் “ஏன்?” என்று கேட்டார். காரணத்தையும் பக்கத்தில் எழுத வைத்தார். தாள் இரண்டு பக்கமும் நிறைந்து, ஓரங்களிலும் சாய்ந்து ஏறியது. என் கையெழுத்தில் அத்தனை அவலட்சணமான பக்கம் வேறில்லை.

மறுநாள் மாலை ஏலக்காய் வாசம் படிக்கட்டு வழியாக மேலே வந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். கருகும் மணம் ஏதும் வரவில்லை. மணி அடிக்குமா என்று இருட்டும்வரை காத்திருந்தேன். அடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைதான் அவரைக் கடிதப் பெட்டிக்குப் பக்கத்தில் கண்டேன். கேக் எப்படி வந்தது என்று கேட்டேன். நடுவில் கொஞ்சம் வெடித்திருந்ததாம், மற்றபடி நன்றாக வந்ததாம். ஓவன் பழுதில்லை, தனக்குத்தான் தெரியவில்லை என்று கேக்கை வெட்ட முதலே எல்லோருக்கும் சொல்லிவிட்டாராம். ஒரு துண்டும் மிஞ்சவில்லையாம். கணவரை அனுப்பிய அந்தப் பெண் செய்முறை கேட்டாராம்.

ஜெர்மன் மொழியில் ஒழுங்காக எழுதித் தருகிறேன் என்று உடனே சொன்னேன். கை சட்டைப் பையில் பேனாவைத் தேடியது.

“வேண்டாம் அண்ணை. நான் வாயால சொன்னன், அவ எழுதி எடுத்திட்டா.”

கடிதங்களை எடுத்துக்கொண்டு, மரியாதையாகத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். என் கேக்கைப் பற்றி இனி அவர் யாரையும் கேட்கத் தேவையில்லை. அந்த ஜெர்மன் பெண்ணுக்குச் சொல்லும்போது குமிழைப் பற்றித்தான் முதலில் சொல்லியிருப்பார்.