அறிமுகக் கடிதத்தில் என் வரி

ஆசீர்வாதம் எனக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் கடன் பட்டிருந்தான். மகன் ஆல்பினை டிப்ளமோவில் சேர்க்க 2009இல் வாங்கினான். வட்டி இல்லை. மூட்டை தூக்குகிறவனிடம் நான் எந்தக் காலத்திலும் வட்டி வாங்கியதில்லை, அதைச் சங்கராபுரத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். மூன்று வருடம் கழித்து அவன் மஞ்சள் காமாலையில் செத்துப்போனான். கடன் அப்படியே நின்றது. நானும் கேட்கவில்லை.

இந்தக் கதை அவனுடையது அல்ல, அந்த ஆல்பினுடையது. என்னிடம் முப்பத்தைந்து நாள் மேனேஜராக இருந்தவன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன். பதினோரு வயதில் மூட்டைக்குத் தோள் கொடுத்தேன். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டபோது வயது இருபத்தாறு. இன்றைக்குச் சாமை, தினை, வரகு மூன்றுக்கும் கல்வராயன் மலையிலிருந்து சரக்கு எடுக்கிறவர்களில் என் அளவுக்கு எடுக்கிறவன் கிடையாது. வெள்ளிமலையில் ஒன்று, சங்கராபுரத்தில் ஒன்று, கள்ளக்குறிச்சியில் ஒன்று என மூன்று கிடங்கு. நான்கு லாரி. பெரிய ஊர்களில் கண்ணாடிக் கடைகளில் என் சாமை பாக்கெட்டில் நிற்கிறது.

அந்தக் கண்ணாடிக் கடைக்காரர்கள்தான், "எதுவானாலும் மெயிலில் போடுங்கள், பொறுப்பான மேனேஜர் ஒருவரை வையுங்கள்" என்று நச்சரித்தார்கள். பதினான்கு வருடமாகச் சங்கராபுரம் கிடங்கைப் பார்க்கும் சூப்பர்வைசர் அய்யப்பன், அந்த நாற்காலி தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மெயில் படிக்கத் தெரியும், எழுதத் தெரியாது. அதனால் வெளியில் ஆள் தேடினேன். ஓசூரில் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் ஒன்பது வருடம் இருந்த ஆல்பின் வந்து நின்றான். வடக்கனந்தல் பையன். மனைவி லூசிக்கு ஏழு மாதம், ஊர்ப்பக்கம் வர வேண்டும் என்றான். ஓசூர் வேலைக்கு அதற்குள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டிருந்தான். திரும்பிப்போக அவனுக்கு இடம் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

திங்கட்கிழமை ஒன்றாம் தேதி வேலையில் சேர வேண்டும். அதற்கு முன் வியாழக்கிழமை ஒரு காரியம் செய்தான். "மூணு கிடங்கு ஆளுங்களும் என்னப் பாத்ததில்லீங்கய்யா. மொதல்ல ஒரு மெயில் போட்டு நான் யாருன்னு சொல்லிக்கிறது நல்லது. நீங்க ஒரு தடவ பாத்துட்டா அனுப்பிடறேன்" என்றான்.

கள்ளக்குறிச்சி ஆபீசில் எனக்குக் கம்ப்யூட்டர் பார்க்கும் அபிநயா படித்துக் காட்டினாள். மலைப்பக்கம் கொள்முதல் பார்க்கிறவர்களுக்காகத் தமிழிலேயே எழுதியிருந்தான்.

"பொருள்: அறிமுகம் – ஆல்பின், மேலாளர். அனைவருக்கும் வணக்கம். வரும் திங்கள் முதல் நம் மூன்று கிடங்குகளுக்கும் மேலாளராகச் சேருகிறேன். இதற்கு முன் ஓசூரில் ஒன்பது ஆண்டுகள் சரக்குக் கிடங்கில் வேலை செய்தேன். கடைசி மூன்று ஆண்டுகள் நாற்பது பேர் கொண்ட பிரிவைக் கவனித்தேன். சிறுதானியத்தில் நான் புதியவன், அதை உங்களிடம்தான் கற்க வேண்டும். முதல் வாரம் எதையும் மாற்றப்போவதில்லை. செவ்வாயன்று சங்கராபுரத்தில் ஒவ்வொருவரோடும் பதினைந்து நிமிடம் தனியாகப் பேச விரும்புகிறேன். யாருக்கு எந்த நேரம் என்பது கீழே. என் கைபேசி எண்ணும் கீழே."

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யார் வீட்டுப் பிள்ளை என்பது அதில் இல்லை. எங்கள் பக்கம் ஒரு ஆள் புதிதாக வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். படிப்பும் சம்பளமும் அப்புறம்.

"இதுல உங்கப்பன் எங்கடா?" என்றேன்.

"வேல விஷயமா எழுதறதுங்கய்யா. அப்பா எதுக்கு?"

"எழுதிக்கோ, நான் சொல்றேன்." சொன்னேன். அபிநயா அடித்தாள். என் வரி இதுதான்:

"என் அப்பா ஆசீர்வாதம் இதே சங்கராபுரம் கிடங்கில் மூட்டை தூக்கியவர். என் படிப்புக்கு முதலாளியிடம் வாங்கிய பதினெட்டாயிரத்தை அடைக்காமலே இறந்தார். அப்படி இருந்தும் முதலாளி எனக்கு இந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்."

பையனுக்கு முகம் செத்துவிட்டது. "மூட்ட தூக்குனது இருக்கட்டும்யா. கடன மட்டும் எடுத்துடலாங்களா?"

"நான் மூட்ட தூக்குனவன்னு மேடையில சொல்றேன், ஊரே கை தட்டுது. உனக்கு இன்னா கொறஞ்சு பூடும்? அந்த வரி இருந்தா மெயில் போவட்டும். இல்லன்னா வேல ஆர்டர்ல கையெழுத்து இல்ல."

எனக்குக் கை தட்டுகிறவர்கள் எல்லாம் ஒன்று என்னிடம் சம்பளம் வாங்குகிறவர்கள், இல்லையென்றால் சரக்கு வாங்குகிறவர்கள். அந்த வித்தியாசத்தை நான் அப்போது யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு மெயில் போனது. மூன்று கிடங்கிலும் பொறுப்பில் இருக்கிற ஏழு பேருக்கு. நான்கரை மணிக்கு ஆல்பின் அபிநயாவுக்குப் போன் போட்டான். அவள் என் எதிரில்தான் இருந்தாள், பேச்சு எனக்கும் கேட்டது.

"அபிநயா, அத திருப்பி எடுக்க முடியுமா?"

"அனுப்பின கொஞ்ச செகண்டுக்குள்ளதான் சார் நிறுத்த முடியும். அய்யப்பண்ணன் ஏற்கெனவே பதில் போட்டுட்டாரு."

அய்யப்பன் ஆல்பினுக்கு மட்டும் பதில் போடவில்லை, எல்லோருக்கும் போகிற மாதிரி போட்டிருந்தான். வாழ்க்கையில் அவன் எழுதிய முதல் மெயில் அது. எழுத்துப் பிழை நிறைய. "வாங்க மேனேசர் சார். உங்கப்பா மூட்ட தூக்குன கொக்கி இங்கதான் கெடக்குது. தொடச்சி வெக்கிறோம்." அதற்குக் கீழே நான்கு பேர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். அபிநயா காட்டினாள். நானும் சிரித்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன்.

திங்கள் காலை ஆல்பின் சங்கராபுரம் வந்தபோது எடை மேடை அறைச் சுவரில் அவன் மெயில் ஒட்டியிருந்தது. என் வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. லோடு ஆட்கள் படிக்கத் தெரிந்தவனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் அதைக் கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் அன்றைக்கே ஆள் ஆகியிருப்பான் என்று எனக்குப் பட்டது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மேசை போட்டு உட்கார்ந்தான். நேரப் பட்டியல், ஒரு நோட்டு, எதிரில் ஒரு நாற்காலி. அபிநயா மட்டும் பஸ் பிடித்துப் போய் வந்தாள். அவள்தான் எனக்குச் சொன்னாள். அய்யப்பனுக்கு உரிய பத்து மணிக்கு அய்யப்பன் வந்து, மூட்டையைக் குத்தித் தூக்கும் துருப்பிடித்த கொக்கியை நாற்காலியில் வைத்தான்.

"இதாங்க சார் உங்களத் தனியா பாக்கணுமாம். பதினஞ்சு நிமிஷம் பேசிக்கினு இருங்க."

பத்தேகால், பத்தரை, பத்தே முக்கால். வேறு யாரும் வரவில்லை. அபிநயாவின் நேரம் பதினொன்று. அவள் நின்றுகொண்டே பேசிவிட்டு வந்தாள். கொக்கியை எடுத்துக் கீழே வைக்க அவளுக்குத் தைரியம் இல்லை, அவனும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் சொல் எங்கும் எடுபடவில்லை. ஈரப்பதப் பதிவு ஏன் மூன்று நாளாக எழுதவில்லை என்று கேட்டால், "மூட்ட தூக்குன ரத்தந்தானே சார், தொட்டுப் பாத்தாலே ஈரம் தெரிஞ்சிருக்கணுமே" என்பான் அய்யப்பன். வெள்ளிமலையில் சாமைக்கு முன்பணம் கொடுக்க ஆல்பினை அனுப்பினேன். அங்கே கொள்முதல் பார்க்கிற பகலவன் அவனை நிறுத்தி வைத்துக்கொண்டு, "எண்ணி வாங்குங்கப்பா. கடங்காரன் மவன் கையில மொதலாளி பணம் குடுத்தனுப்பிக்கிறாரு" என்று சொல்லியிருக்கிறான். நாற்பது வருடமாக என் பணத்தை எண்ணாமல் மடியில் செருகிக்கொண்ட மலைக்காரர்கள், அன்றைக்கு அவன் முன்னால் எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணியிருக்கிறார்கள்.

மூன்றாவது வாரம் ஆல்பின் என்னிடம் வந்தான். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"ஐயா, ஒரு உதவி. நீங்க ஒரே ஒரு மெயில் போடணும். அந்தக் கடன நீங்களே தள்ளிட்டீங்க, அந்த வரி எழுதச் சொன்னது நீங்கதான்னு. ரெண்டு வரி போதும். நீங்க சொன்னா கேப்பாங்க. வேலய நான் செஞ்சிடுவேன்."

வேலை செய்வான்தான். அந்த மூன்று வாரத்திலேயே லாரி காலியாகத் திரும்புவதைப் பாதியாகக் குறைத்திருந்தான்.

"நான் சொன்னத நானே அழிச்சிக்கினு நிக்கணுமா?" என்றேன். "பதினோரு வயசுல என்ன நாயேன்னு கூப்ட்டானுங்க. நான் யாருகிட்டப் போயி மெயில் போடச் சொன்னேன்? தாங்கினவந்தான் மேல வருவான். போ."

போய்விட்டான்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி அவன் கணக்கில் முதல் சம்பளம் ஏறியது. முப்பத்திரண்டாயிரம். மறுநாள் பத்து மணிக்கு எல்லோருக்கும் அவனிடமிருந்து ஒரு மெயில். "என் அறிமுகக் கடிதத்தில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். நான்கு மணிக்கு எடை மேடை அருகே வரவும். இன்று என் கடைசி நாள்." இந்தத் தடவை ஏழு பேரும் வந்தார்கள். லோடு ஆட்களும் வந்து நின்றார்கள். நான் காரில் போய் இறங்கினேன்.

ஆல்பின் ஏடிஎம்மில் எடுத்த கட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தான். எல்லாம் ஐந்நூறு ரூபாய் நோட்டு.

"கைய நீட்டுங்கய்யா."

நீட்டினேன். பணத்துக்குக் கை நீட்ட நான் என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை. ஒவ்வொரு நோட்டாக என் உள்ளங்கையில் வைத்து, சத்தமாக எண்ணினான். முப்பத்தாறு வந்ததும் நிறுத்தினான். பதினெட்டாயிரம். சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"பதினஞ்சு வருஷம் ஆச்சே, வட்டி யாரு குடுப்பா?" என்றான் அய்யப்பன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆல்பின் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தான். அவன் கையில் இன்னும் இருபத்தெட்டு நோட்டு இருந்தது. லூசிக்கு அந்த மாதம் பிரசவம் என்று எனக்குத் தெரியும். அபிநயா, "ஐயா" என்று மெதுவாகச் சொன்னாள்.

மூட்டை தூக்குகிறவனிடம் நான் வட்டி வாங்கியதில்லை. அதைச் சொல்லிக் கையை மூடியிருக்கலாம். ஆனால் ஏழு பேரும், லோடு ஆட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை மூடினால் நான் எழுதச் சொன்ன வரியே தப்பு என்று அவர்கள் முன்னால் ஒத்துக்கொண்டதாகிவிடும். கை விரித்தபடியே இருந்தது.

அவன் அரை நிமிடம் காத்திருந்தான். பிறகு முப்பத்தேழு என்று எண்ணி வைத்தான். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. ஐம்பதுக்கு மேல் சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. அறுபத்து மூன்று. கடைசி நோட்டை என் உள்ளங்கையில் வைத்து, விரலால் ஒரு தடவை அழுத்திவிட்டு, "அறுபத்து நாலு" என்றான்.