எடை போடாத நெல்

என் கணவர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறார். நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். வெளிநாட்டில் ஓராண்டு ஆராய்ச்சி செய்ய ஓர் உதவித்தொகைக்கு அவர் விண்ணப்பித்தார். அதற்குத் தன்னைப் பற்றி இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். திருத்தித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. இதை விட்டால் அவ்வளவுதான்.

படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'எளிய குடும்பத்தில் பிறந்த அடியேன்' என்கிற தோரணையில் ஆரம்பம். பிறகு பக்கம் முழுக்க 'செய்யப்பட்டது', 'நாங்கள் செய்தோம்', 'மேலதிகாரிகளின் ஆசியால் ஒரு சிறு முயற்சி'. ஆற்றுத் தண்ணீர் காலத்தில் வந்து சேராத கடைமடை ஊர்களில், நாற்று விடாமல் நேரடியாக விதைத்துச் சம்பா எடுக்கலாம் என்று வயல் வயலாக நின்று காட்டியவர் இவர். அதைப் படிக்கப்போகிறவருக்கு இவர் யார், கடைமடை எங்கே இருக்கிறது, ஒன்றும் தெரியாது.

"என்னங்க இது? யாரோ வேல செஞ்ச மாதிரியும், நீங்க டீ வாங்கிக் குடுத்த மாதிரியும்ல இருக்கு?"

"நம்மள நாமே சொல்லிக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நடவு பார்த்தவர். தலை நிமிர்ந்து பேசினால் வேலை போகும் என்று பயந்தே வாழ்ந்த மனிதர். அந்தப் பயத்துக்குத்தான் இந்த வீட்டில் அடக்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வரும்.

ஆத்திரத்தில் நானே உட்கார்ந்து எழுதினேன். ஈடு இணையற்ற ஆராய்ச்சியாளர், தொலைநோக்கு, தணியாத ஆர்வம், பிறவித் தலைமைப் பண்பு. பரிந்துரைக் கடிதத்தில் அடுத்தவர் சொன்னால் சரி, தானே சொன்னால் எடுபடாது என்று என் மாணவர்களுக்குச் சொல்கிறவள் நான். கோபத்தில் அதெல்லாம் எங்கே ஞாபகம் இருந்தது! அவர் படித்துவிட்டு மாடிக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். மழை பெய்து ஓய்ந்த நாள் அது. எனக்கு இன்னும் எரிச்சல். பின்னாலேயே போனேன்.

"பொய்யா எழுதிட்டேன்? சொல்லுங்க."

"பொய் இல்ல. எடை போடாத நெல்லு."

"அப்படின்னா?"

"வெளைச்சல் எப்படின்னு விவசாயிய கேட்டா, எவ்வளவு கண்டிருந்தாலும் 'ஏதோ சுமாருங்க'ம்பாரு. கண்ணு பட்டுரும்னு பயம். பூச்சி மருந்துக் கடைக்காரர கேட்டா 'பிரமாதம் சார்'ம்பாரு. ரெண்டையும் நான் எழுதிக்க மாட்டேன். வயல்ல கயிறு கட்டி அளந்து, அந்த எடத்த மட்டும் அறுத்து, அடிச்சு, எடை போட்டுத்தான் எழுதுவேன்."

என்னை மருந்துக் கடைக்காரர் ஆக்கிவிட்டார் மனுஷர்! ஆனால் பதில் கையிலேயே இருந்தது.

"அப்ப நீங்கதான் அந்த சுமாரு விவசாயி. வாங்க கீழ. உங்களுக்கும் கயிறு கட்டி அறுப்போம்."

ஒவ்வொரு 'நாங்கள்' வரும்போதும் நிறுத்தினேன். வரிசையாக விதைத்தால் களைக் கருவி ஓட்டலாம் என்று முதலில் சொன்னது யார்? பேராவூரணிப் பக்கத்து விவசாயி ஒருவர். சரி, அவர் சொன்னார் என்று எழுதுங்கள். முதல் வருடம் விதைத்த கையோடு மழை கொட்டி, விதை அழுகிப் போனதே, அடுத்த வருடம் விதைக்கும்போதே வடிகால் இழுக்க வேண்டும் என்று முடிவெடுத்தது யார்? அவர் நகத்தைப் பார்த்தார். "நாங்க..." என்றார்.

"எந்த நாங்க? எத்தன பேரு?"

"நான்தான்" என்றார், திருடிய மாதிரி.

அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு மாலை முழுக்கப் போயிற்று. உரிச்சொற்களையெல்லாம் எடுத்துவிட்டோம். அழுகிய விதையும் இருந்தது, அதற்குப் பிறகு அறுத்து எடை போட்ட கணக்கும் இருந்தது. புகழ்ச்சியை அவருடைய மேலதிகாரியின் பரிந்துரைக் கடிதத்துக்கு விட்டுவிட்டோம்.

நேர்காணல் கணினியில் நடந்தது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். வடிகால் யாருடைய யோசனை என்று உள்ளே ஒரு பெண் குரல் கேட்டது. அவர் வாயில் 'நாங்க' வந்து நிற்கிறது என்று எனக்குத் தெரியும். கதவை உடைக்கலாம் போலிருந்தது. பிறகு ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். "என்னுடையது. முதல் வருடம் நான் சொன்னதை நம்பி விதைத்தவர்களின் பயிர் போனது. அதனால் நானே வழி தேட வேண்டியிருந்தது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதில் தற்பெருமை எங்கே இருக்கிறது?

கிடைத்துவிட்டது. மறுநாள் காலையில் எதிர்வீட்டு அம்மா வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்க வீட்டுக்காரருக்கு வெளிநாட்டுல பெரிய வாய்ப்பாமே?"

நான் வாயைத் திறந்தேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லங்க. ஏதோ கூப்பிட்டிருக்காங்க."

உள்ளே அவர் சிரித்தார். தெருவுக்கே கேட்டிருக்கும்.