வெள்ளை அங்கிக்கு அளவெடுத்த நாள்

சிதம்பரத்தில் தனியாக வசிக்கும் நான், ஓராண்டாக ஞாயிறுதோறும் கடலூருக்கு பஸ் ஏறி ஞானஸ்நான வகுப்புக்குப் போனேன். வகுப்பில் நான் ஒரே மாணவன். அதனால் முதல் ரேங்க் எப்போதும் எனக்குத்தான்.

ஞானஸ்நானத்தின்போது என்னோடு நிற்க வேண்டிய ஞானத்தந்தையாக அலுவலக நண்பரின் பெயரைச் சொன்னேன். வகுப்பெடுத்த உபதேசியார் நெற்றியைத் தேய்த்தார்.

“அவுரு புராட்டஸ்டண்ட் தம்பி. சாட்சியா நிக்கலாம். ஞானத்தந்தைன்னா உறுதிபூசுதல் வாங்குன கத்தோலிக்கர்தான் வேணும். வேற யாரு இருக்காங்க?”

ஒரு வருஷம் படித்தும் இது தெரியாத முதல் ரேங்க்காரனை நினைத்துச் சிரித்தேன். வேறு யாரும் இல்லை. ஆள் கிடைக்காவிட்டால் ஞானஸ்நானம் தள்ளிப்போகும்.

அன்றே, கோயிலுக்கு எதிர்க்கடை தையல்காரர் வெள்ளை அங்கிக்கு அளவெடுத்தார்.

“யாரு சார் போத்தி வுடுறது?”

“நானே மாட்டிக்குவேன். எனக்குச் சட்டை போடத் தெரியும்.”

அவர் சிரிக்கவில்லை. “ஏன் சார், வூட்ல யாரும் இல்லியா?”

இல்லை என்று தலையசைத்தேன்.

“அப்ப நான் நிக்கிறேன். நானும் இந்தக் கோயில் பங்குதான், உறுதிபூசுதல் வாங்குனவன். சாமியாருகிட்ட நானே பேசுறேன்.”

ஈஸ்டருக்கு முந்தின இரவு, பாஸ்கா திருவிழிப்பில் சாத்தானை விட்டுவிடுவதாகச் சொல்லி, விசுவாசத்தை அறிக்கையிட்டேன். தலையில் மூன்று முறை தண்ணீர் விழுந்தது. தையல்காரர் அங்கியைப் போர்த்தி, பாஸ்கா திரியில் ஏற்றிய மெழுகுவர்த்தியை என்னிடம் தந்தார். உறுதிபூசுதலில் குருவானவர் நெற்றியில் தைலம் பூசும்போது, தையல்காரரின் வலக்கை என் தோளில் இருந்தது. என் தோளை ஒருவர் தொட்டு எத்தனை வருஷமோ!

நான் எல்லோரையும் சிரிக்க வைத்தது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எவரும் கேட்டுவிடக் கூடாதென்றுதான். கேட்டவர் அன்று என் பின்னால் நின்றார்.